வார்கிராஃப்ட் 3 வேர்ல்ட் எடிட்டரில் குன்னூர் மலைப்பாதை

கேள்வி: "பழைய வார்கிராஃப்ட் 3 ஃப்ரோசன் த்ரோன் விளையாட்டுடன் வந்த வேர்ல்ட் எடிட்டரில், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலைப்பாதையைப் போல நான்கு பேர் ஆடும் மேப் ஒன்று செய்தேன். மலை பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேலே இருப்பவருக்கு எந்தச் சாதகமும் கிடைக்கவில்லை, கீழே இருப்பவர் மேலே நடப்பதையெல்லாம் பார்க்கிறார். படை ஏறும்போது பாதையில் நெரிசலாகி நிற்கிறது. நண்பர் வீட்டுக் கணினியில் லேன் ஆட்டமே தெரியவில்லை. எங்கே தவறு செய்கிறேன்?"

பதில்:

கேத்தி பள்ளத்தாக்கைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, வழுவழுவென்று இறங்கும். மறுபக்கம் கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்ட நிலம், படிப்படியாக வெட்டியிருக்கும். நீங்கள் எடிட்டரில் செய்திருப்பது தேயிலைச் சரிவு. வார்கிராஃப்ட் 3-க்குப் புரிவதோ படி வெட்டிய நிலம் மட்டும். உங்கள் முதல் இரண்டு சிக்கல்களும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே வருகின்றன என்பது என் ஊகம். நானும் குன்னூரில் ஆறு கணினிகள் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, இதே மலையை இதே தவறோடு ஒருமுறை முழுதாகச் செய்து முடித்தவன்.

எடிட்டரில் `T` அழுத்தினால் வரும் நிலப் பலகையில் உயரத்தை மாற்ற இரண்டு பகுதிகள் இருக்கின்றன. `Apply Height` என்பது நிலத்தை மாவு போல இழுத்து உயர்த்தும், தாழ்த்தும், நிரவும். `Apply Cliff` என்பது நிலத்தை ஒரு படி, இரண்டு படி என்று வெட்டி ஏற்றும். கண்ணுக்கு இரண்டும் மலைதான். ஆனால் விளையாட்டின் கணக்கில் முதலாவது வெறும் அலங்காரம். `Apply Height` கொண்டு தொட்டபெட்டாவையே எழுப்பினாலும் அந்த உச்சியும் அடிவாரமும் ஒரே மட்டம் என்றுதான் விளையாட்டு நினைத்துக்கொள்ளும். அதன் மேல் படைவீரர்கள் செங்குத்தாகக்கூட ஏறிப் போவார்கள். சரிவு எவ்வளவு என்பது அவர்கள் நடையைத் தடுப்பதில்லை. பார்வையையும் அது மறைப்பதில்லை. அதனால்தான் உங்கள் நண்பர் கீழே நின்றுகொண்டே மேலே இருப்பதைப் பார்க்கிறார்.

கிளிஃப் எனப்படும் படியில் கதை வேறு. கீழ்ப்படியில் நிற்பவருக்கு மேல்படி தெரியாது. மேலிருந்து யாராவது அடித்தால் அடித்தவர் மட்டும் ஒரு கணம் கண்ணில் படுவார். தொலைவிலிருந்து தாக்கும் வீரர், அதாவது வில்லாளி, துப்பாக்கிக்காரர் போன்றவர், தன்னைவிட உயர்ந்த படியில் நிற்பவரை அடித்தால் அந்த அடி 25 சதவீதம் தவறிப்போக வாய்ப்பு உண்டு. நான்கு அம்புக்கு மூன்றுதான் படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் கீழே இருப்பவர் அதே அளவு சேதம் செய்ய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வில்லாளிகளைக் கொண்டுவர வேண்டும். மேலே மூன்று பேர் என்றால் கீழே நான்கு பேர். வாளெடுத்து நெருங்கிச் சண்டையிடுபவருக்கு இந்த அபராதம் கிடையாது, மந்திரங்களுக்கும் கிடையாது. பறக்கும் படைக்குப் படியும் ஒரு பொருட்டில்லை. அது மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிடும். ஆகவே மலையின் சாதகம் ஆட்டத்தின் முதல் பாதியில்தான் கூர்மையாக இருக்கும். இதை மனத்தில் வைத்துத்தான் மேப்பைத் திட்டமிட வேண்டும்.

உங்கள் மலை எந்த வகை என்று சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். மேட்டின் விளிம்பில் இரண்டாம் ஆட்டக்காரரின் காலாள் ஒருவரை வையுங்கள். நேர் கீழே உங்களுடைய காலாள் ஒருவரை வையுங்கள். `Ctrl+F9` அழுத்தி மேப்பை ஓட்டுங்கள். கீழிருந்தே மேலிருப்பவர் தெரிந்தால் அது தேயிலைச் சரிவு. தெரியவில்லை என்றால் படி.

இப்போது மேப்பை மறுபடியும் கட்டுவோம். நான் செய்ததையே சொல்கிறேன். அதில் எங்கே சறுக்கினேன் என்பதும் உங்களுக்குப் பயன்படும்.

புதிய மேப்பின் அளவு 96-க்கு 96 என்று எடுத்தேன். இது முழுவதும் ஆடக் கிடைக்காது. இடமும் வலமும் ஆறாறு கட்டம், கீழே நான்கு, மேலே எட்டு என்று ஓரத்தில் எடிட்டர் பிடித்துக்கொள்ளும். கையில் மிஞ்சுவது 84-க்கு 84. மலைப்பாதைக்கு இது போதும். பெரிதாக எடுத்தால் படை ஊரிலிருந்து ஊருக்கு நடந்தே ஆட்டத்தில் பாதி நேரம் போய்விடும்.

புதிய மேப்பின் சமநிலம் வழக்கமாக இரண்டாம் படியில் இருக்கும். அதைக் கல்லாறாக வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் மூன்றாம் படி பர்லியார். நான்காம் படி குன்னூர். உண்மையில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரம் ஏறுகிறோம். பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையையும் மேப்பில் போட ஆசை வரும், எனக்கும் வந்தது. போடாதீர்கள். மூன்று படிகளும் இரண்டு வளைவுகளும் போதும். வளைவு கூடக் கூட, படையின் முன்வரிசை ஒரு திசையிலும் பின்வரிசை எதிர்த்திசையிலும் நடந்துகொண்டிருக்கும். சண்டை மூண்டதும் பின்வரிசை, எதிரியை அடையக் குறுக்குவழி தேடிச் சுற்றத் தொடங்கிவிடும்.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற, சாய்வுப்பாதை வேண்டும். `Apply Cliff` பகுதியிலேயே அதற்கான பொத்தான் இருக்கிறது. திரையில் `Ramp` என்று காட்டும். புதியவர்கள் பலரும் இங்கேதான் கோபப்பட்டு எடிட்டரை மூடிவிடுகிறார்கள். பொத்தானை அழுத்திப் படியின் விளிம்பில் சொடுக்கினால் சில நேரம் ஒன்றுமே நடக்காது. காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. சாய்வுப்பாதை ஒரே ஒரு படி வேறுபாட்டைத்தான் இணைக்கும். கல்லாறு மட்டத்திலிருந்து நேராகக் குன்னூர் மட்டத்துக்கு இரண்டு படியாகச் சுவர் எழுப்பியிருந்தால் அங்கே சாய்வு வராது. மற்றொன்று இடநெருக்கடி. சாய்வுக்கு மேலும் கீழும் சமதளம் வேண்டும். பக்கத்திலேயே இன்னொரு விளிம்பு வளைந்து வந்தால் எடிட்டர் மறுத்துவிடும். முதலில் விளிம்பை நேர்கோடாக்குங்கள். மேலும் கீழும் நான்கு நான்கு கட்டம் வெறும் சமநிலமாக விடுங்கள். பிறகு சொடுக்குங்கள், வந்துவிடும்.

அந்த நான்கு கட்டத் திட்டு வேறொன்றுக்கும் தேவை. ஒரு சாய்வு முடிந்த இடத்திலேயே அடுத்த சாய்வு தொடங்கினால், ஏறி வந்த படைக்கு நின்று அணிவகுக்க இடமில்லை. உங்கள் நெரிசலுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் பாதையின் அகலம். அதைக் கண்ணால் அளந்தால் ஏமாந்துபோவீர்கள்.

எடிட்டரில் `P` அழுத்துங்கள். நிலத்தின் மேல் வண்ணம் விரியும். ஊதா பூசியிருக்கும் இடத்தில் காலே வைக்க முடியாது. நீலம் இருக்கும் இடத்தில் நடக்கலாம், கட்டடம் எழுப்ப முடியாது. நிறமில்லாத இடம் முழுச் சுதந்திரம். உங்கள் பாதையை இந்தக் கண்ணாடி வழியாக ஒருமுறை பாருங்கள். எடிட்டரின் ஒரு பெரிய கட்டம் விளையாட்டின் அளவில் 128 அலகு. அதற்குள் நடைக்கணக்குக்காக நான்குக்கு நான்கு சிறு கட்டங்கள் இருக்கின்றன. படியின் விளிம்பு ஓடும் கட்டம் முழுதும் நடக்க முடியாதது. மூன்று கட்டப் பாதை என்று நீங்கள் நினைத்தது, இருபுறமும் விளிம்பு தின்றுவிட்டு ஒரு கட்டமாக நிற்கும். அதன் ஓரத்தில் அழகுக்காக ஒரு பாறையும் வைத்திருந்தால் முடிந்தது கதை. காலாட்கள் இருவர் இடித்துக்கொண்டு போகலாம். பருத்த உடம்புக்காரர் ஒருவர் வந்து நின்றாலே பின்னால் வரும் அத்தனை பேரும் மேட்டுப்பாளையம் சாலையில் சுற்றுலா சீசன் ஞாயிற்றுக்கிழமை போல நிற்பார்கள்.

ஊதா நிறம் போக நான்கு கட்டமாவது மிஞ்ச வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மேப்பில் நெடுஞ்சாலைக்கு ஆறு கட்டம் விட்டேன். ரயில் பாதைக்கு மட்டும் வேண்டுமென்றே இரண்டு கட்டம் விட்டேன். அது சின்னப் படை திருட்டுத்தனமாக ஏறுவதற்கான வழி.

மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரயில் பாதையின் இருபுறமும் சோலைக்காடு போல மரங்களை நெருக்கி நட்டு அதையே சுவராக வைத்திருந்தேன். பார்க்க அத்தனை அழகு. மரம் நடையையும் பார்வையையும் மறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இந்த விளையாட்டில் மரம் வெட்டுவதற்கென்றே இருக்கிறது. கீழ் அணியில் ஆடியவர் தன் வேலையாட்களை அங்கே வெட்ட விட்டார். ஆட்டம் நடுவுக்கு வரும்போது என் சோலையில் ஒரு வாசல் திறந்திருந்தது. அவருடைய படை அதன் வழியாகப் பர்லியார்த் திட்டுக்குப் பக்கவாட்டில் வந்து நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். மேப்பைச் செய்த எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. திறக்கவே கூடாத இடத்தில் படியை வெட்டுங்கள். அல்லது அலங்காரப் பொருட்களின் பலகையில் இருக்கும் `Pathing Blockers` வகையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தடுப்பை மரத்தடியில் வையுங்கள். மரம் போனாலும் வழி திறக்காது. ஆனால் இதை ஓரிரு இடத்தோடு நிறுத்துங்கள். வெட்டவெளியாகத் தெரியும் இடத்தில் படை முட்டி நின்றால் ஆடுபவருக்கு எரிச்சல்தான் வரும்.

இவ்வளவும் செய்த பிறகு `Apply Height` பக்கம் வாருங்கள். படிகள் எல்லாம் வெட்டிச் சாய்வுகள் எல்லாம் வைத்து முடித்த பின், அவற்றின் மேல் மென்மையாக மேடு பள்ளம் இழுத்தால் தேயிலைச் சரிவின் சாயல் வரும். சாய்வுப்பாதையின் வாயில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே மேடு இழுத்தால் அதன் பின்னால் வருபவர் திரையில் மறைந்துபோவார்.

அடுத்தது நியாயம். உங்கள் கேள்வியில் இது இல்லை, ஆனால் படிகள் சரியானதும் உடனே எழும் சிக்கல் இதுதான். மேலே இருவர், கீழே இருவர் என்று நான் வைத்தேன். முதல் வார இறுதியில் ஆடிய ஐந்து ஆட்டங்களையும் மேல் அணியே வென்றது. அதற்குப் பிறகு கீழ் அணியில் ஆட யாரும் முன்வரவில்லை. மேல் அணி செய்ததெல்லாம், குன்னூர் விளிம்பில் வில்லாளிகளை நிறுத்திவிட்டுக் காத்திருந்ததுதான்.

இதற்கு நான் தேடிய விடை தங்கச் சுரங்கத்தில் இருந்தது. எல்லோருடைய வீட்டுச் சுரங்கத்திலும் வழக்கமான 12500 தங்கம். மேலே அதைத் தவிர வேறு சுரங்கமே வைக்கவில்லை. கீழே கல்லாறு ஓரமாக இரண்டு உபரிச் சுரங்கங்கள், காவலுக்குச் சிறு விலங்குகளோடு. பர்லியார்த் திட்டில் நடுவாக ஒன்று, யார் பிடிக்கிறாரோ அவருக்கு. இப்போது மேல் அணி காத்திருந்தால் அதன் தங்கம் தீர்ந்துபோகும், இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கினால் உயரத்தின் சாதகம் போய்விடும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு ஆட்டங்கள் இரு பக்கமும் மாறி மாறிப் போயின. சுரங்கத்துக்கும் தொடக்க இடத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் விட வேண்டும் என்று குழம்பினால், விளையாட்டோடு வந்த `(4)LostTemple.w3m` மேப்பை எடிட்டரில் திறந்து அங்கே எத்தனை கட்டம் என்று எண்ணிப் பாருங்கள். அதையே பின்பற்றலாம்.

மேல் அணி எப்போதும் மேலேயே தொடங்க வேண்டும் அல்லவா? `Scenario` பட்டியலில் ஆட்டக்காரர்களுக்கான பக்கத்துக்குப் போய், நால்வருக்கும் தொடக்க இடத்தை நிலையாக்கும் பெட்டியில் குறியிடுங்கள். குறியிடாவிட்டால் இடங்கள் மாறி, கூட்டாளிகள் இருவர் மலையின் இரு முனைகளில் விழித்தெழுவார்கள். அணிகளுக்கான பக்கத்தில் `Use Custom Forces` என்பதைத் தேர்ந்தெடுத்து இருவர் இருவராகப் பிரியுங்கள். கூட்டணி, பார்வைப் பகிர்வு இரண்டையும் கொடுங்கள். அதே பக்கத்தில் `Fixed Player Settings` என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் யார் எந்த இனத்தை எடுப்பது என்பதும் உறைந்துபோகும். உங்கள் நண்பர்களுக்குத் தேர்வு வேண்டுமென்றால் அதை விட்டுவிடுங்கள்.

இது நடந்தால் இதைச் செய் என்று விளையாட்டுக்கு விதி எழுதும் டிரிகர் பக்கத்தைத் திறந்தால் `Melee Initialization` என்று ஒன்று ஏற்கெனவே இருக்கும். தொடக்கத் தங்கம், வேலையாட்கள், வெற்றி தோல்வி எல்லாவற்றையும் அதுதான் தொடங்கி வைக்கிறது. சாதாரண ஆட்டத்துக்கு அதைத் தொடவே வேண்டாம். மலை, பாதை, சுரங்கம் இவை மட்டும் போதுமென்றால் உங்கள் மேப்பில் ஒரு புதிய டிரிகர்கூடத் தேவையில்லை.

ஆனால் எடிட்டரைத் திறந்தவர் யாரும் டிரிகர் எழுதாமல் இருந்ததில்லை. அதனால் நான் பட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மலையில் காவல் பார்க்க, `Esc` அழுத்தினால் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு காவல் கம்பம் முளைக்க வேண்டும் என்று எழுதினேன். `Esc` அழுத்துவதை எடிட்டர் `skips a cinematic sequence` என்றுதான் சொல்லும்.

```
Events
    Player - Player 1 (Red) skips a cinematic sequence
Actions
    Unit - Create 1 Sentry Ward for (Triggering player) at
        (Target of current camera view) facing
        Default building facing degrees
```

`Ctrl+F9` போட்டுத் தனியாக ஓட்டினேன். அருமையாக வேலை செய்தது. நான்கு கணினிகளில் லேன் ஆட்டம் தொடங்கினோம். சிவப்பு ஆட்டக்காரர் `Esc` தட்டினார். கம்பம் முளைத்தது. சற்று நேரத்தில் ஆட்டம் சிதறியது. ஆட்டக்காரர்கள் தொடர்பு அறுந்து வெளியே விழுந்தார்கள். கம்பி தளர்ந்திருக்கும் என்று எல்லாக் கம்பிகளையும் பிடுங்கி மாட்டினோம். மின்சாரம் ஏறி இறங்கியதோ என்று பார்த்தோம். மறுபடியும் `Esc`, மறுபடியும் அதே.

விஷயம் இதுதான். லேன் ஆட்டத்தில் படைகளின் நிலை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பப்படுவதில்லை. யார் என்ன கட்டளை கொடுத்தார் என்பது மட்டும் போகிறது. நான்கு கணினிகளும் அதே கட்டளைகளை வைத்து அதே கணக்கைத் தனித்தனியாகப் போட்டு அதே விடைக்கு வர வேண்டும். யார் திரையில் எந்த இடத்தைப் பார்க்கிறார் என்பது அந்தந்தக் கணினிக்கு மட்டும் தெரிந்த செய்தி. ஆகவே சிவப்புக்காரர் கணினியில் கம்பம் பர்லியாரில் முளைத்தது. நீலக்காரர் கணினியில் அவர் பார்த்துக்கொண்டிருந்த கல்லாறில் முளைத்தது. நான்கு கணினிகளில் நான்கு வேறு உலகங்கள். விடைகள் ஒத்துவரவில்லை என்று தெரிந்ததும் விளையாட்டு ஆளைத் துண்டித்துவிடுகிறது. தனியாக ஓட்டிப் பார்த்தால் இது ஒருநாளும் தெரியாது, ஏனென்றால் அங்கே ஒப்பிட இன்னொரு கணினியே இல்லை. குறிப்பிட்ட ஒரு செயலுக்குப் பிறகே ஆட்டம் சிதறுகிறது என்றால் கம்பியைப் பிடுங்காதீர்கள், டிரிகரைப் பாருங்கள்.

நான் அதைத் திருத்தியது இப்படி. பர்லியார்த் திட்டில் ஒரு பகுதியை வரைந்து, கம்பம் எப்போதும் அதன் நடுவிலேயே முளைக்கும்படி மாற்றினேன். அது எல்லாக் கணினியிலும் ஒரே இடம். கூடவே இன்னொரு ஓட்டையையும் அடைத்தேன். இடத்தைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் விளையாட்டு நினைவகத்தில் ஒரு புள்ளியை உருவாக்கி அப்படியே விட்டுவிடும். அடிக்கடி ஓடும் டிரிகர் என்றால் ஆட்டம் நீள நீளக் கணினி திணறும். புள்ளியை ஒரு மாறியில் வைத்து, வேலை முடிந்ததும் கைப்பட அழிக்க வேண்டும்:

```
Set Pt = (Center of Burliar <gen>)
Unit - Create 1 Sentry Ward for (Triggering player) at Pt
    facing Default building facing degrees
Custom script:   call RemoveLocation(udg_Pt)
```

மாறிக்கு `Pt` என்று பெயர் வைத்தால் கடைசி வரியில் அதன் முன் `udg_` சேர வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் எடிட்டர் பிழை காட்டும்.

கடைசியாக, நண்பர் கணினியில் ஆட்டம் தெரியாத சிக்கல். உங்கள் மேப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமலே இருக்கலாம். லேன் பட்டியலில் ஆட்டத்தின் பெயரே வரவில்லை என்றால் முதலில் இரு கணினிகளிலும் விளையாட்டின் பதிப்பு எண்ணை ஒப்பிடுங்கள். முதல் திரையின் மூலையில் இருக்கும். ஒரு எண் மாறினாலும் ஒருவர் ஆட்டம் மற்றவருக்குத் தெரியாது. பழைய சிடியிலிருந்து நிறுவிய கணினிகளில் ஒன்று மேம்படுத்தப்பட்டு மற்றொன்று அப்படியே கிடப்பது மிகச் சாதாரணம். நண்பர் 2002-இல் வந்த ரெய்ன் ஆஃப் கேயாஸ் மட்டும் வைத்திருந்தால் அதுவும் ஆகாது. நீங்கள் ஃப்ரோசன் த்ரோன் எடிட்டரில் சேமித்த மேப் `.w3x` கோப்பு. அவருடைய விளையாட்டுக்கு `.w3m` மட்டும்தான் புரியும். அதேபோல 2020-இல் வந்த ரீஃபோர்ஜ்ட் பதிப்பின் எடிட்டரில் ஒருவர் உங்கள் மேப்பைத் திறந்து சேமித்துவிட்டால் அது பழைய பதிப்பில் திறக்கும் என்று நம்பாதீர்கள். பழைய எடிட்டரில் சேமித்த மூலப் பிரதியை எப்போதும் தனியாக வையுங்கள்.

பதிப்பு சரி என்றால் அடுத்த சந்தேகம் விண்டோஸ் ஃபயர்வால். விளையாட்டு 6112 என்ற போர்ட்டைப் பயன்படுத்துகிறது. ஆட்டம் நடக்கிறது என்ற அறிவிப்பு யுடிபி வழியாகவும், சேர்வது டிசிபி வழியாகவும் போகும். ஆகவே பட்டியலில் பெயரே இல்லை என்றால் யுடிபி அடைபட்டிருக்கலாம். பெயர் தெரிகிறது, ஆனால் சேரப்போனால் முடியவில்லை என்றால் டிசிபி. ஆட்டத்தை நடத்தும் கணினியில் விளையாட்டை ஃபயர்வாலில் அனுமதித்துவிட்டுப் பாருங்கள். ஒருவர் வைஃபையிலும் மற்றவர் விருந்தினர்களுக்கான தனி வைஃபையிலும் இருந்தால்கூட ஆட்டம் தெரியாது. தங்கும் விடுதிகளில் ஆட முயல்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது இதில்தான்.

மேப்பைக் கொடுப்பது எளிது. மேப் இல்லாதவர் ஆட்டத்தில் சேர்ந்தால் காத்திருக்கும் அறையிலேயே அது அவருக்கு இறங்கி, `Maps\Download` என்ற இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் மெதுவாக இறங்கும். பென்டிரைவில் கொண்டுபோய் அவருடைய `Maps` அடைவில் போடுவது எனக்குப் பிடித்த வழி. நிலமும் டிரிகரும் மட்டும் உள்ள மேப் மிகச் சிறியதாகவே இருக்கும். பாட்டு, படம் என்று உள்ளே திணித்தால்தான் வீங்கும். பழைய பதிப்புகள் பலபேர் ஆட்டத்தில் 4 எம்பிக்கு மேற்பட்ட மேப்பை ஏற்காது. பிறகு வந்த 1.24 வரிசையில் அது 8 எம்பி ஆனது. எடிட்டரில் தனியாக ஓடிய மேப், லேன் ஆட்டம் உருவாக்கும் பட்டியலில் காணாமல் போனால் அளவைப் பாருங்கள்.

கோப்புக்கு ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், எண்ணோடு பெயரிடுங்கள். `(4)BurliarGhat_07.w3x` என்பது போல. முன்னால் இருக்கும் 4 ஆட்டக்காரர் எண்ணிக்கை, பழைய மேப்களின் வழக்கம் அது. பின்னால் இருப்பது உங்கள் திருத்த எண். ஒரு சுரங்கத்தை ஒரு கட்டம் நகர்த்தினாலும் எண்ணைக் கூட்டுங்கள். அதே பெயரில் மாற்றிச் சேமித்தால், யாரிடம் எந்த மேப் இருக்கிறது என்று அரைமணி நேரம் வாக்குவாதம் நடக்கும். ஏழாவதில் வெட்ட முடியாமல் செய்த சோலை ஆறாவதில் திறந்தே இருக்கும். நண்பர் ஆறாவதை நடத்திவிட்டு உங்களைத் திட்டுவார்.

முதலில் அந்தக் காலாட்கள் சோதனையைச் செய்து பாருங்கள். படி இல்லை என்று தெரிந்தால் பழைய மேப்பைத் திருத்த முயலாமல் புதிதாகத் தொடங்குங்கள். மேடு இழுத்த நிலத்தின் மேல் படி வெட்டினால் எது படி, எது சரிவு என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.